கண்காட்சிக்குப் பேரு வைக்கிறது எப்படி? ஒரு பனை ஓலைக் கண்காட்சியை வச்சு ஒவ்வொரு படியா பார்ப்போம்

முதல் தடவையா கைவினைக் கண்காட்சியோ ஓவியக் கண்காட்சியோ நடத்துறவங்க ஹால் புக் பண்ணிடுவாங்க, ஸ்டால் பிரிச்சிடுவாங்க, ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போய் நின்னப்புறம்தான் "பேரு என்ன போட?"ன்னு யோசிப்பாங்க. அந்த அவசரத்துல வர்ற பேரு பெரும்பாலும் கைவண்ணம், சங்கமம், வண்ணங்கள், பாரம்பரியம், இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும். அழகான வார்த்தைங்கதான், குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா ரோட்டுல போறவருக்கு உள்ள புடவை இருக்கா, ஓவியம் இருக்கா, பரதநாட்டியம் நடக்குதான்னு அதை வச்சு கண்டுபிடிக்க முடியாது. என்ன இருக்குன்னே தெரியலைன்னா உள்ள போய்ப் பார்க்கணும்னு ஆர்வமும் வராது.

பொதுவா பேசினா பிடிபடாது, அதனால ஒரு கேஸை எடுத்துக்குவோம். பாளையங்கோட்டைல ஒரு சின்ன மண்டபம், வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள், சுத்து வட்டார ஊர்கள்ல பனை ஓலை முடையுற பெண்கள் பன்னெண்டு பேர் ஸ்டால் போடுறாங்க, பெட்டி பாய் விசிறி பொம்மை எல்லாம் இருக்கு, ஒரு மூலைல முடைஞ்சும் காட்டுவாங்க. இதுக்கு ஒரு பேரு வேணும்.

முதல் வேலை: ஒரே ஒரு வாக்கியம்

பேரைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ஒரு வாக்கியம் எழுதுங்க: ஹாலுக்குள்ள என்ன இருக்கு, யாரு செஞ்சது, இதெல்லாம் ஏன் ஒரே இடத்துல வச்சிருக்கு. ஒரு கண்டிஷன் மட்டும். கலை, பாரம்பரியம், கலாச்சாரம், படைப்பு, சங்கமம் இந்த அஞ்சு வார்த்தையும் அதுல வரக்கூடாது. இந்த வார்த்தைங்க எந்தக் கண்காட்சிக்கும் பொருந்தும், அதனால உங்க கண்காட்சியைப் பத்தி எதுவும் சொல்லாது.

நம்ம கேஸுக்கு முதல்ல எழுத வர்றது "பனை ஓலைல செஞ்ச பொருள் விக்கிறோம்"ங்கிறதுதான். அது போதாது, ஏன் ஒண்ணா வச்சிருக்குன்னு அதுல இல்ல. ஸ்டால் போடுற அக்காமார்கிட்ட என்னென்ன கொண்டு வர்றீங்கன்னு ஒரு லிஸ்ட் வாங்கினா விஷயம் மாறுது. ஓலை மட்டும் இல்ல, மட்டைலேர்ந்து உரிச்ச நார்ல பின்னின பெட்டி இருக்கு, நார்க்கட்டில் இருக்கு, ஈர்க்குல செஞ்சது இருக்கு, தும்புல செஞ்ச பிரஷ் இருக்கு, பதனி வடிகட்டுற பன்னாடை கூட ஒருத்தர் கொண்டு வர்றேன்னு சொல்றாங்க. அப்போ வாக்கியம் இப்படி ஆகுது: "பனைமரத்தோட ஒவ்வொரு பாகத்துலயும் வீட்டுக்குப் பயன்படுற ஒரு பொருள் செய்யலாம், அதையெல்லாம் செய்யத் தெரிஞ்சவங்க ஒரே கூரைக்கு அடில வந்திருக்காங்க." இதுதான் தீம். இந்த வாக்கியம் பிடிபடாம பேரு தேடினா எந்தப் பேரு நல்லா இருக்கு, எது பொருந்தலைன்னு தீர்மானிக்க உங்ககிட்ட அளவுகோலே இருக்காது, கமிட்டில யாரு சத்தமா பேசுறாங்களோ அவங்க சொன்ன பேருதான் நிக்கும்.

ரெண்டாவது: செய்றவங்க வாயில இருந்து வார்த்தை எடுங்க

அகராதியைத் திறக்காதீங்க, ஒரு நாள் போய் அவங்க வேலை பார்க்கிற இடத்துல உட்காருங்க. ஓலையை ஈரம் காட்டி மெத்துன்னு ஆக்குறாங்க, இல்லைன்னா காய்ஞ்ச ஓலை மடிக்கும்போது முறிஞ்சிடும். நடு ஈர்க்கை உருவி எடுத்துட்டு ஓலையை ஒரே அகலத்துல கிழிக்கிறாங்க, சிலதைச் சாயத்துல கொதிக்க வைக்கிறாங்க. அந்த நேரம் அவங்க பேசுற வார்த்தைகளை அப்படியே எழுதிக்குங்க. குருத்தோலை, சாரோலை, ஈர்க்கு, நார், மட்டை, பாளை, தும்பு, பன்னாடை. பொருள்கள்ல சுளகு, கடகம், கொட்டான், தடுக்கு, விசிறி, பட்டை, குழந்தைங்க ஆட்டுற கிலுகிலுப்பை. இந்த லிஸ்ட்ல முப்பது நாப்பது வார்த்தை சேர்ந்ததும் நிறுத்திக்கலாம்.

ஊருக்கு ஊர் வார்த்தை மாறும்ங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க. இதே கண்காட்சியை காரைக்குடிப் பக்கம் வச்சா கொட்டான்ங்கிற ஒரு சொல்லே போதும், செட்டிநாட்டுக் கொட்டான் அங்க எல்லார் வீட்டுலயும் தெரிஞ்ச பொருள். யாழ்ப்பாணத்துல வச்சா நீத்துப்பெட்டின்னு சொன்ன உடனே பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி கண்ணுக்கு வந்துடும், சென்னைல அதே வார்த்தையைப் போட்டா பாதிப் பேருக்குப் புரியாது. பார்க்க வர்றவங்க எந்த ஊர்க்காரங்களோ அவங்க காதுக்குப் பழகின வார்த்தையா இருக்கணும்.

மூணாவது: பேருக்கு ஒரு வேலை, அடுத்த வரிக்கு ஒரு வேலை

புதுசா பண்றவங்க முக்கியமா இடறுற இடம் இதுதான். ஒரே பேருக்குள்ள என்ன, எங்க, எதுக்கு, யாரு எல்லாத்தையும் திணிக்கப் பார்ப்பாங்க, அப்போ "தென் மாவட்டப் பனை ஓலைக் கைவினைஞர்களின் படைப்புகள் கண்காட்சி மற்றும் விற்பனை விழா"ன்னு ஒரு ரயில் வரும். இன்னொரு பக்கம் கவிதை மாதிரி ஒத்தை வார்த்தை வச்சுட்டு அப்படியே விட்டுடுவாங்க. ரெண்டையும் பிரிச்சுக்கிட்டா ரொம்ப சுலபம். மேல பெருசா இருக்கிற பேரு ஆளை நிக்க வைக்கணும், கீழ இருக்கிற துணை வரி உள்ள என்ன இருக்குன்னு ஒளிவுமறைவு இல்லாம சொல்லணும். துணை வரில அழகு தேவையே இல்ல, பொருள் பேரும் அது எந்த வகை நிகழ்ச்சிங்கிறதும் இருந்தா போதும்.

பெரிய இடத்துலயும் இப்படித்தான். கேரளாவுல நடக்கிற பெரிய கலைக் கண்காட்சியான கொச்சி-முசிரிஸ் பினாலே 2012 டிசம்பர் 12ல தொடங்குச்சு. அதுல ஒவ்வொரு பதிப்புக்கும் தனியா ஒரு தலைப்பு உண்டு. அனிதா துபே 2018ல க்யூரேட் பண்ணினதோட தலைப்பை நம்ம பாஷைல சொன்னா "அந்நியப்படாத வாழ்க்கைக்கான சாத்தியங்கள்". இதை மட்டும் ஒரு சுவத்துல எழுதி வச்சா தத்துவச் சொற்பொழிவுன்னுதான் நினைப்போம். ஆனா பக்கத்துலயே கொச்சி, பினாலேன்னு ஊரும் வகையும் நிக்கிறதால தெளிவு வேலையை அது பார்த்துக்குது, தலைப்பு தாராளமா யோசிக்க விடலாம். உங்க நிகழ்ச்சிக்கு அப்படி ஊரறிஞ்ச பேரு இன்னும் இல்லாதப்ப அந்தத் தெளிவு வேலையைத் துணை வரிதான் பார்க்கணும்.

சில இடத்துல ஆர்வம் கிளப்பவே தேவையில்ல, அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. நவராத்திரிக்கு முன்னாடி பூம்புகார் விற்பனை நிலையங்கள்ல கொலு பொம்மைக் கண்காட்சின்னு நேராவே போடுறாங்க, ஜனங்க போறாங்க, ஏன்னா அந்த சீசன்ல எல்லாரும் அதைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க. ஆள் ஏற்கனவே தேடுற பொருள்னா அந்தப் பொருளோட பேரே தலைப்பு. பனை ஓலைப் பெட்டியை யாரும் நவராத்திரி பொம்மை மாதிரி தேடி அலையறதில்ல, அதனால நமக்குக் கூடுதலா ஒரு இழுப்பு வேணும்.

நாலாவது: வகைச் சொல்லை யோசிச்சுப் போடுங்க

கண்காட்சி, பொருட்காட்சி, சந்தை, திருவிழா, மேளா. இதெல்லாம் ஒண்ணுதானேன்னு மாத்தி மாத்திப் போடுவாங்க, ஆனா ஒவ்வொண்ணும் வர்றவங்க மனசுல வேற வேற படத்தைக் கொண்டு வருது, அந்தப் படம் உள்ள இல்லைன்னா ஏமாந்துதான் திரும்புவாங்க.

பொருட்காட்சின்னு சொன்னா தமிழ்நாட்டுல நமக்குத் தீவுத்திடல் ஞாபகம்தான், ராட்டினம், பெரிய அப்பளம், மிளகாய் பஜ்ஜி, அரசுத் துறை அரங்கு. பன்னெண்டு ஸ்டால் இருக்கிற மண்டபத்துக்கு அதைப் போட்டா குழந்தைங்களைக் கூட்டிட்டு வந்தவங்க பத்து நிமிஷத்துல "இவ்ளோதானா"ன்னு கேப்பாங்க. சந்தைன்னா பேரம் பேசலாம்னு அர்த்தம், ஒரு சுளகுக்கு மூணு நாள் உழைச்ச அக்காகிட்ட பாதி விலைக்குக் கேப்பாங்க, அதுக்கு நீங்க தயாரா இருந்தா மட்டும் போடுங்க. திருவிழான்னா மேடை, பாட்டு, சாப்பாடு எதிர்பார்ப்பாங்க, அதெல்லாம் இருந்தா தாராளமா வைக்கலாம். மேளாங்கிற சொல் சூரஜ்குண்ட் மாதிரி பல மாநிலக் கைவினைஞர்கள் கூடுற பெரிய நிகழ்ச்சிகளால பழகின ஒண்ணு, அது 1987லேர்ந்து நடக்குது, ஒரே ஒரு பொருள் வகையை மட்டும் வச்சுக்கிட்டு மேளான்னு சொல்றது பொருந்தாது.

கண்காட்சின்னு மட்டும் போட்டா வேற ஒரு சிக்கல். பார்க்க மட்டும்தான்னு நினைச்சு காசு எடுத்துக்காம வருவாங்க, இல்ல டிக்கெட் இருக்குமோன்னு வாசல்ல தயங்குவாங்க. அதனாலதான் நம்ம ஊர்ல "கண்காட்சி மற்றும் விற்பனை"ன்னு ஒரு வழக்கமே வந்துச்சு, பார்க்கப் பழசா இருந்தாலும் வேலை செய்யுது, கூட "அனுமதி இலவசம்" சேர்த்தா தயக்கம் போயிடும். அதே மாதிரி "முடைவோம் வாங்க"ன்னு போட்டா கத்துக் குடுப்பீங்கன்னு எதிர்பார்த்து வருவாங்க, ஒரு மூலைல ரெண்டு பேர் செஞ்சு காட்டுறது பயிற்சி ஆகாது. கைல செஞ்சதுன்னு பேர்லயே சொன்னா ஒரு ஸ்டால்ல கூட மெஷின் சரக்கு இருக்கக் கூடாது. ஒருத்தர் கண்டுபிடிச்சாலும் மத்த எல்லா ஸ்டாலோட உழைப்பு மேலயும் சந்தேகம் விழும், அது ரொம்பப் பெரிய அநியாயம்.

அஞ்சாவது: பேருங்களை எழுதுங்க, ஒவ்வொண்ணா கழிங்க

இப்போ கைல ஒரு வாக்கியம் இருக்கு, வார்த்தை லிஸ்ட் இருக்கு, வகைச் சொல்லும் முடிவாயிடுச்சு. ஒரு இருபது பேரு எழுதுங்க. யோசிக்கிறதுக்கு நாலு திசை இருக்கு: ஒரு பொருள், செய்ற முறைல ஒரு கட்டம், ஒரு இடம் இல்ல நேரம், ஒரு எண்ணிக்கை. இந்த நாலும் கண்ணால பார்க்கக் கூடிய விஷயங்கள்ங்கிறதுதான் முக்கியம். உணர்ச்சியைப் பேரா வச்சா (நெஞ்சம், ஆனந்தம், தேடல்) கேக்குறவர் மனசுல எந்தப் படமும் வராது.

நம்ம கேஸ்ல வந்த சிலதைக் கழிச்சுப் பார்ப்போம்.

"பனையின் பரிமாணங்கள்". கேட்ட உடனே கருத்தரங்கு மாதிரி இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டு நாற்காலில உட்காரணும்னு தோணும். வேண்டாம்.

"கற்பகத் தரு". பனையை அப்படிச் சொல்றது உண்டுதான், ஆனா போர்டுல பார்த்தா ஆன்மிக அறக்கட்டளையா, நகைச் சீட்டான்னு சந்தேகம் வரும், பனைங்கிற வார்த்தையே இல்ல.

"கிலுகிலுப்பை". எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு, சொன்னாலே சத்தம் கேக்குது, ஓலைக்குள்ள சின்னக் கல்லைப் போட்டு முடைஞ்ச அந்தப் பொம்மை எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா இது பொம்மைக் கண்காட்சிக்கான பேரு, நம்மகிட்ட பன்னெண்டு ஸ்டால்ல ரெண்டுலதான் பொம்மை. குழந்தைங்களுக்குன்னு நினைச்சு வர்றவங்க ஏமாறுவாங்க, வீட்டுக்கு சுளகு வாங்கணும்னு நினைக்கிறவங்க வரவே மாட்டாங்க. ஒரு பகுதியோட பேரை முழுசுக்கும் வைக்கிறதுல இந்த ஆபத்து எப்பவும் உண்டு.

"ஓலை வந்திருக்கு". இதுல ஒரு குறும்பு இருக்கு, சேதி வந்திருக்குங்கிற பழைய அர்த்தம் காதுல விழும். ஆனா அதனாலேயே ஓலைச்சுவடிக் கண்காட்சின்னு நினைச்சு தமிழ் ஆர்வலர்கள் வந்துடுவாங்க, வந்து பெட்டியும் பாயும் பார்த்துட்டுப் போவாங்க. நாரும் தும்பும் கூட இதுல விட்டுப் போகுது.

"குருத்து". சின்னது, அழகு, ஃபிளெக்ஸ்ல நல்லா நிக்கும். ஆனா நர்சரி ஸ்கூல் பேரு மாதிரியும் இருக்கு, இயற்கை விவசாயக் கடை மாதிரியும் இருக்கு. பலமான துணை வரி இருந்தா பிழைக்கும், ரிசர்வ்ல வைக்கலாம்.

"ஒரு பனை, நாற்பது பொருள்". இதுல நிக்கலாம். பனைன்னு இருக்கு, பொருள்னு இருக்கு, அதனால என்ன கண்காட்சின்னு தெரிஞ்சுடுது. நாற்பதுன்னு சொன்னதும் கேக்குறவர் தன்னால எண்ண ஆரம்பிக்கிறார், விசிறி, பெட்டி, பாய், துடைப்பம், அதுக்கு மேல ஓடாது, மீதி என்னவா இருக்கும்னு ஒரு இடைவெளி மனசுல விழுது. ஆர்வம்ங்கிறது அந்த இடைவெளிதான்: கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், மிச்சம் தெரியாம இருக்கணும். முழுசாத் தெரியாத பேருக்கும் முழுசாத் தெரிஞ்ச பேருக்கும் இந்த இடைவெளி கிடையாது.

துணை வரி: "பனை ஓலை, நார்ப் பெட்டிகள், பாய், சுளகு, விசிறி, பொம்மைகள். கண்காட்சியும் விற்பனையும். அனுமதி இலவசம்." அதுக்குக் கீழ தேதி, நேரம், இடம்.

எண்ணைப் பேர்ல போட்டா அது வாக்கு. ஸ்டால்காரங்ககிட்ட லிஸ்ட் வாங்கி எண்ணிப் பாருங்க, சாயம் மட்டும் மாறின பெட்டியை ரெண்டாக் கணக்குல சேர்க்காதீங்க, கைல நாப்பத்தஞ்சு வகையாவது இருந்தாத்தான் நாற்பதுன்னு போடணும், கடைசி நேரத்துல ரெண்டு மூணு வராமப் போறது சகஜம். அப்புறம் உள்ள ஒவ்வொரு வகைக்கும் 1 முதல் 40 வரை நம்பர் அட்டை தொங்க விடுங்க. அப்போ பேரு வாசலோட முடியாம உள்ளயும் தொடரும், பசங்க "இருபத்தேழு எங்க?"ன்னு தேடிக்கிட்டே எல்லா ஸ்டாலுக்கும் போவாங்க, கடைசி மூலைல இருக்கிற அக்காவுக்கும் ஆள் வரும்.

இந்தப் பேரைச் செய்றவங்ககிட்டயும் ஒருக்காச் சொல்லிப் பாருங்க. "ஒரு பனை"ன்னு போட்டிருக்கீங்களே, ஆண் பனைல காய் வராதே, பனங்கொட்டைல செஞ்ச பொருள் அதுல எப்படி வரும்னு ஒரு பாட்டி கேக்கலாம். நியாயமான கேள்வி. பெண் பனைல ஓலை, மட்டை, நார், காய் எல்லாமே உண்டு, அதனால பேரு தாங்கும். ஆனா இப்படி ஒரு கேள்வியைக் கண்காட்சி தொடங்கின அன்னிக்குக் கேக்குறதை விட முன்னாடியே கேட்டு சரி பார்த்துக்கிறது நல்லது.

ஆறாவது: சோதனை

பேரு நல்லா இருக்கான்னு யாருகிட்டயும் கேக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. கமிட்டில இல்லாத அஞ்சு பேர்கிட்ட பேரை மட்டும் சொல்லிட்டு மூணு கேள்வி கேளுங்க: உள்ள என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க, அங்க வாங்க முடியுமா பார்க்க மட்டுமா, போனா முதல்ல எதைப் பார்ப்பீங்க. முதல் கேள்விக்கு அஞ்சு பேரும் வேற வேற பதில் சொன்னா பேரு தெளிவா இல்ல. ரெண்டாவதுக்கு முழிச்சா துணை வரியோட சேர்த்துச் சொல்லி இன்னொரு தடவை கேளுங்க, அப்பவும் முழிச்சா துணை வரியை மாத்துங்க. மூணாவதுக்கு "சும்மா சுத்திப் பார்ப்பேன்"னு வந்தா தெளிவு இருக்கு, ஆர்வம் இல்ல.

அடுத்தது ஃபோன் சோதனை. பஸ் ஸ்டாண்டு மாதிரி இரைச்சலான இடத்துல இருந்து ஒருத்தருக்கு ஃபோன் பண்ணிப் பேரை ஒரு தடவை மட்டும் சொல்லுங்க, திரும்பச் சொல்லச் சொல்லுங்க. "குருத்து"வை "கருத்து"ன்னு சொல்றதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம், அந்தப் பேரை ரிசர்வ்லயே நிறுத்தினதுக்கு அதுவும் ஒரு காரணம். ஒருத்தர் இன்னொருத்தருக்கு வாயால சொல்லித்தான் சின்னக் கண்காட்சிக்குக் கூட்டம் சேரும், அதனால இந்தச் சோதனையை விடாதீங்க.

அப்புறம் தேடிப் பாருங்க. அதே பேர்ல சினிமாவோ சீரியலோ இருந்தா உங்க போஸ்டர் தேடல்ல எங்கயோ அடில போயிடும். கட்சி முழக்கமா, சாதிச் சங்கப் பேரா, அந்த ஊர்லயே வேற ஒருத்தர் வருஷா வருஷம் நடத்துற நிகழ்ச்சியோட பேரான்னு பாருங்க, இருந்தா யோசிக்காம விட்டுடுங்க. இன்ஸ்டால ஆங்கில எழுத்துல எழுதும்போது ஒரே தமிழ் வார்த்தைக்குப் பல ஸ்பெல்லிங் வரும், `kuruthu`, `kuruththu`, `kurutthu`ன்னு ஆளுக்கு ஒண்ணா அடிச்சா உங்க பேஜ் கிடைக்காது. `oru_panai_40` மாதிரி அதிகம் குழப்பம் இல்லாத ஒண்ணை முடிவு பண்ணி எல்லா ஸ்டால்காரங்களுக்கும் அதையே அனுப்புங்க.

கடைசியா ஃபிளெக்ஸ் அளவு. பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம்னு பொதுவா ஒரு கணக்கு வச்சுக்கலாம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அறுபது அடி தள்ளிப் போறவர் படிக்கணும்னா எழுத்து ஆறு அங்குலமாவது இருக்கணும். பத்து அடி அகல ஃபிளெக்ஸ்ல ஓரம் விட்டா எழுதுறதுக்கு நூறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும், நம்ம எழுத்துங்க அகலமானது, பொ, னை மாதிரி வந்தா இன்னும் இடம் பிடிக்கும், அதனால ஒரு வரில பதினஞ்சு எழுத்துக்கு மேல போனா நெருங்கிடும். "ஒரு பனை" ஒரு வரி, "நாற்பது பொருள்" அடுத்த வரின்னு உடைச்சா எட்டு அங்குலத்துக்கே போகலாம். வரியை உடைக்கிற இடத்துல அர்த்தமும் உடையாம இருக்கான்னு பாருங்க, "ஒரு பனை நாற்பது"ன்னு மேலயும் "பொருள்"னு கீழயும் விழுந்தா படிக்கிறவர் தடுமாறுவார். ஃபிளெக்ஸ் கடைல டிசைன் பண்றவர் எழுத்தைச் சுத்தி இலை, பூ, தோரணம்னு போட்டு பேரைச் சுருக்கப் பார்ப்பார், பேருதான் பெருசா வேணும்னு கறாரா சொல்லிடுங்க.

ஓவியக் கண்காட்சின்னா என்ன மாறும்?

அடிப்படை அதேதான், ஆனா விக்கிற பொருளைச் சொல்ற அவசரம் குறைவு. சுவத்துல இருக்கிற படங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற ஒண்ணைத் தேடுங்க. ஒருத்தர் தாமிரபரணியையே வரைஞ்சிருக்கார்னு வைங்க, "நதியின் நினைவுகள்"னு வச்சா எந்த நதிக்கும் பொருந்தும். படங்கள் எல்லாமே விடியக்காலை வெளிச்சத்துல வரைஞ்சதா இருந்தா "தாமிரபரணி, காலை அஞ்சரை"ன்னு வைக்கலாம், இடமும் இருக்கு, அந்த நேரத்துல ஆத்துல என்ன நடக்கும்னு ஒரு கேள்வியும் இருக்கு. கீழ "நீர்வண்ண ஓவியங்கள்"னு போட்டு வரைஞ்சவர் பேரைப் போட்டா முடிஞ்சுது. ஒரே ஒரு மத்தியானப் படம் உள்ள இருந்தாலும் அதை எடுத்துடுங்க, இல்ல பேரை மாத்துங்க.

பல பேர் சேர்ந்து பண்ற குரூப் ஷோல பொதுவா எதுவும் கிடைக்காம "பன்னிருவர்" மாதிரி ஏதாவது வச்சுடுவாங்க. அது பார்க்கிறவங்களுக்கு எதையும் சொல்லாது. 1874ல பாரிஸ்ல மோனே, ரென்வார், தேகா எல்லாம் சேர்ந்து முதல் கண்காட்சி போட்டப்ப ஓவியர், சிற்பி, செதுக்குக் கலைஞர்களோட கூட்டு நிறுவனம்ங்கிற மாதிரி கம்பெனிப் பேருதான் வச்சாங்க. லூயி லெருவாங்கிற விமர்சகர் மோனேவோட சூரியோதயப் படத்துத் தலைப்புல இருந்த "இம்ப்ரெஷன்"ங்கிற சொல்லை எடுத்துக் கிண்டலா எழுதினார், அந்தப் பேருதான் நின்னுச்சு, 1877ல மூணாவது கண்காட்சிக்கு அவங்களே இம்ப்ரெஷனிஸ்ட்னு போட்டுக்கிட்டாங்க. 1913ல நியூயார்க்ல நடந்த நவீனக் கலையின் சர்வதேசக் கண்காட்சியையும் அது நடந்த ராணுவக் கட்டிடத்தை வச்சு ஆர்மரி ஷோன்னுதான் இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்க. நீங்க வச்ச பேரு வாயில நிக்கலைன்னா ஜனங்க அவங்களுக்கு வசதியான ஒண்ணை வச்சுடுவாங்க, பெரும்பாலும் அது இடத்துப் பேரா இருக்கும். குரூப் ஷோன்னா எல்லார் படத்துலயும் இருக்கிற ஒரு பொருளோ ஒரு இடமோ கிடைக்கிற வரைக்கும் தேடுங்க, கிடைக்கலைன்னா படத் தேர்வையே இன்னும் கொஞ்சம் இறுக்குங்க.

பேரு வேலை செய்யுதான்னு முதல் நாளே தெரியும்

வாசல்ல நிக்கிற வாலண்டியர்கிட்ட ஒரு நோட்டு குடுத்து, வர்றவங்க கேக்குற முதல் கேள்வியை அப்படியே எழுதச் சொல்லுங்க. "உள்ள என்ன இருக்கு?"ன்னு நிறைய வந்தா துணை வரி சின்னதா இருக்கு இல்ல கண்ல படாத இடத்துல இருக்கு, அன்னிக்கு சாயங்காலமே அதை மட்டும் பெருசா தனி ஃபிளெக்ஸ் அடிச்சு மாட்டலாம். "டிக்கெட் எவ்ளோ?"ன்னு வந்தா அனுமதி இலவசம் தெரியலை. "சாப்பாடு ஸ்டால் எந்தப் பக்கம்?"னு வந்தா நீங்க போட்ட வகைச் சொல்லோ தோரணமோ வேற எதையோ எதிர்பார்க்க வச்சிருக்கு. "நாப்பதும் இங்கதான் இருக்கா?"ன்னு கேட்டா பேரு சரியா வேலை செய்யுது.

நடுவுல தலைப்பை மாத்தவே மாத்தாதீங்க, துணை வரியை மட்டும் சரி பண்ணுங்க, ஏன்னா வாட்ஸாப்ல போன அழைப்பிதழ்ல ஒரு பேரு, வாசல்ல வேற பேருன்னா வந்தவங்க இடம் மாறி வந்துட்டோமோன்னு திரும்பிப் போயிடுவாங்க. அடுத்த வருஷமும் நடத்துறதா இருந்தா "ஒரு பனை"ங்கிறதை நிரந்தரமா வச்சுக்கிட்டு பின்னாடி வர்றதை மட்டும் மாத்தலாம். ஒரு வருஷம் "ஒரு பனை, எட்டு ஊர்", இன்னொரு வருஷம் சமையலறைப் பொருள்களை மட்டும் வச்சு "ஒரு பனை, ஒரு அடுக்களை". நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டுன்னு எண்ணை ஏத்திக்கிட்டே போகாதீங்க, போன வருஷம் வந்தவருக்கு ஒரு பொருள் கூடினது மறுபடி வர்றதுக்குக் காரணம் ஆகாது.